கதவு எண்ணையும் வண்டி எண்ணையும் படத்தில் மறைப்பது எப்படி?

புது வண்டி எடுத்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம் இட்டு, வீட்டு வாசலில் குடும்பத்தோடு நின்று எடுத்துக்கொள்ளும் படத்தை இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தின் நடுவில் வண்டியின் எண் பலகை பளிச்சென்று தெரியும். ஓரத்தில், கேட்டுத் தூணில் பதித்த கல்லில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இருக்கும். சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த இரட்டை எண்ணின் மதிப்பு தெரியும். ஒரு பகுதியில் 31 என்ற எண் உள்ள வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ஆனால் பழைய எண் 14ஆகவும் புதிய எண் 31ஆகவும் இருக்கும் வீடு அந்த வட்டாரத்திலேயே ஒன்றோ இரண்டோதான். வண்டி எண்ணைக் கொண்டு வண்டியின் வகை, பதிவான நாள், பதிவு செய்த அலுவலகம் ஆகியவற்றை அரசின் செயலியிலேயே யாரும் பார்க்கலாம். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால், எந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பதை நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

இதை உணர்ந்தவர்கள் பெரும்பாலும் செய்வது, கைப்பேசியில் உள்ள மொசைக் தூரிகையால் எண்ணின் மேல் தேய்த்து, அதைச் சிறுசிறு சதுரங்களாக மாற்றிவிட்டுப் படத்தைப் பகிர்வதுதான். செய்தித் தொலைக்காட்சிகளில் பார்த்துப் பழகியதால், சதுரம் சதுரமாகத் தெரிந்தாலே எண் அழிந்துவிட்டது என்று நம் கண் நம்பிவிடுகிறது. சதுரங்கள் சிறியவையாக இருந்தால் அந்த எண் அழிவதில்லை. அது ஏன் என்பதை முதலில் விளக்கிவிட்டு, பிறகு மறைக்கும் முறைக்கு வருகிறேன். காரணம் புரிந்துவிட்டால், எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் எது போதும், எது போதாது என்று நீங்களே சொல்லிவிட முடியும்.

சிறு சதுரங்கள் ஏன் காட்டிக்கொடுக்கின்றன

கட்டமாக்கும் கருவி, படத்தை ஒரே அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் புள்ளிகளின் நிறங்களுக்குச் சராசரி கண்டு, அந்தக் கட்டம் முழுவதையும் அந்தச் சராசரி நிறத்தால் நிரப்புகிறது. இதில் தற்செயல் என்று எதுவும் இல்லை. ஒரே படத்துக்கு ஒரே அளவுக் கட்டத்தை எத்தனை முறை போட்டாலும் விடை ஒன்றாகவே வரும். சராசரியிலிருந்து மூலப் புள்ளிகளைப் பின்னோக்கிப் பிரித்தெடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எண்ணைக் கண்டுபிடிக்க நினைப்பவர் பின்னோக்கிப் போவதே இல்லை. இருக்கக்கூடிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தானே எழுதி, அதே அளவில் கட்டமாக்கி, நம் படத்தில் உள்ள கட்டங்களோடு எது ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார். பூட்டை உடைக்காமல், சாவிக்கொத்தில் உள்ள சாவிகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது போன்ற வேலை அது.

நான்கு புள்ளி அகலமும் ஆறு புள்ளி உயரமும் கொண்ட மூன்று இலக்கங்களைக் கீழே வரைந்திருக்கிறேன். அவற்றை இரண்டுக்கு இரண்டு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கறுப்புப் புள்ளிகள் உள்ளன என்று அடியில் எழுதியிருக்கிறேன். கறுப்புப் புள்ளிகள் கூடினால் அந்தக் கட்டத்தின் சாம்பல் நிறமும் அடர்ந்திருக்கும் என்பதால், இந்த எண்ணிக்கையைச் சராசரி நிறமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

```
.##.     ###.     .##.
#..#     ...#     #..#
.##.     .##.     #..#
#..#     ...#     #..#
#..#     ...#     #..#
.##.     ###.     .##.

2 2      2 2      2 2
2 2      1 2      2 2
2 2      2 2      2 2
```

இடப்பக்கம் உள்ளது 8, நடுவில் 3, வலப்பக்கம் 0. மூன்றுக்கு நடு வரிசையின் இடக்கட்டம் மட்டும் வெளிறியிருக்கிறது. அந்த ஒரு கட்டமே அதை எட்டிலிருந்து பிரித்துக் காட்டிவிடுகிறது. எட்டும் பூச்சியமும் இங்கே ஒரே மாதிரி வந்திருப்பதால், அந்த இரண்டுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டும் உண்மையாகவே தொலைந்துபோனது. ஆனாலும் தேடுபவருக்கு இழப்பு பெரிதில்லை. பத்து இலக்கங்களில் எது என்று தெரியாமல் இருந்தவருக்கு, இப்போது இரண்டில் ஒன்று என்று தெரிகிறது.

அந்த மீதிச் சந்தேகமும் எளிதில் தீர்ந்துவிடும். அதே வண்டியை அதே நாளில் எடுத்த இன்னொரு படத்தை நீங்கள் பகிர்ந்து, அதில் கட்டங்கள் ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளி விழுந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எழுத்தின் நடுவில் உள்ள இரண்டு நிரல்களும் சேர்ந்து ஒரு கட்டமாகும். மேலிருந்து கீழாக எண்ணினால் எட்டுக்கு 2, 2, 2 என்று வரும். பூச்சியத்துக்கு நடுப்பகுதி வெறுமையாக இருப்பதால் 2, 0, 2 என்று வரும். வேண்டுமானால் மேலே உள்ள படத்திலேயே விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படமும் தனித்தனியே மறைத்ததை, இரண்டு படங்களும் சேர்ந்து வெளியே சொல்லிவிட்டன.

காணொளியில் இந்த ஆபத்து பன்மடங்கு பெருகுகிறது. நொடிக்கு 30 படச் சட்டகங்கள் ஓட, ஒவ்வொன்றிலும் கட்டங்கள் சற்றே வேறு இடத்தில் விழும். 2025இல் யூடியூபர் ஜெஃப் கீர்லிங், தம் காணொளி ஒன்றில் கணினித் திரையின் ஒரு பகுதியைக் கட்டமாக்கி மறைத்துவிட்டு, முடிந்தால் படியுங்கள் என்று பார்வையாளர்களுக்குச் சவால் விட்டார். விரைவிலேயே ஒருவருக்கு மேற்பட்டவர்கள் அதைப் படித்துக் காட்டினார்கள்.

எண் பலகைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்துகிறது

நம் வண்டிகளின் எண் பலகை, தேடுபவருக்கு மிகவும் வசதியான பொருள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம் என்பதால், அந்தப் பலகைகள் எல்லாவற்றிலும் எழுத்துரு ஒன்றே. ஒத்திட்டுப் பார்க்க வேண்டியவர் எந்த எழுத்துருவில் எழுதிப் பார்ப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தைக் குறிப்பவை. அடுத்த இரண்டு இலக்கங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிப்பவை. ஊர் தெரிந்தால் அவையும் பெரும்பாலும் தெரிந்தது போலத்தான். மீதி இருப்பவை ஓரிரண்டு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும்.

நான்கு இலக்கங்கள் என்றால் பத்தாயிரம் வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கட்டங்கள் எழுத்தைவிடச் சிறியவையாக இருக்கும்போது, ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியே ஒத்திட்டுப் பார்த்துவிடலாம். ஓர் இடத்துக்குப் பத்து முறை வீதம் மொத்தம் நாற்பது ஒப்பீடுகளே போதும். பத்தாயிரத்தையும் முழுதாகப் போட்டுப் பார்த்தாலும், சாதாரண மடிக்கணினிக்கு அது பெரிய வேலை இல்லை.

நம் எடுத்துக்காட்டுப் படத்தில் காரின் எண் பலகை 420 புள்ளி அகலத்தில் விழுந்திருப்பதாகக் கொள்வோம். பலகையின் உண்மையான அகலம் 500 மில்லிமீட்டர். எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். ஆகவே படத்தில் ஓர் எழுத்து ஏறக்குறைய 55 புள்ளி உயரமும், இடைவெளியையும் சேர்த்து 30 புள்ளிக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்டிருக்கும். கோடு எட்டுப் புள்ளி தடிமனாக இருக்கும். மொசைக் கட்டம் எட்டுப் புள்ளி அளவில் இருந்தால், ஓர் எழுத்துக்கு நான்குக்கு ஏழு என்று 28 கட்டங்கள் கிடைக்கின்றன. நான் மேலே மூன்றையும் எட்டையும் ஆறே கட்டங்களில் பிரித்துக் காட்டினேன். இங்கே 28 இருக்கின்றன. கட்டத்தை 16 புள்ளியாக்கினால் ஓர் எழுத்துக்கு ஏழு கட்டங்கள் மிஞ்சும், அதுவும் போதாது. 32 புள்ளியாக்கினால் எழுத்துக்கு இரண்டு கட்டங்களே இருக்கும். அப்போதும் குறைந்த மையுள்ள 1 வெளிறியும், நிறைந்த மையுள்ள 8 அடர்ந்தும் தெரிவதால், சில இலக்கங்களை ஒதுக்கித் தள்ள இடம் உண்டு. பலகை முழுவதும் ஒரே நிறமாகும்போதுதான் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இவை வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2016இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கட்டமாக்கிய எழுத்தையும் மங்கலாக்கிய எழுத்தையும் புள்ளியியல் முறையில் மீட்டெடுக்கலாம் என்று காட்டினார்கள். 2020இல் டிபிக்ஸ் என்ற இலவச மென்பொருளும், 2022இல் பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அன்ரிடாக்டர் என்ற மென்பொருளும் இந்த வேலையை யாரும் முயன்று பார்க்கும் அளவுக்கு எளிதாக்கிவிட்டன. ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்த மென்பொருள்கள் திரைப்பிடிப்பில் உள்ள தெளிவான எழுத்துக்காக எழுதப்பட்டவை. வெயிலில் சாய்வாக எடுத்த படத்தில் நிழல், சாய்வு, இரைச்சல் எல்லாம் சேர்ந்து வேலையைக் கடினமாக்கும். ஆனால் அந்தக் கடினம் நாம் ஏற்படுத்திய காப்பு இல்லை, தற்செயலாக அமைந்தது. அதை நம்பி எண்ணை விட்டுவைக்க நான் சொல்லமாட்டேன்.

மென்மையாகப் புகைபோல மங்கலாக்கும் முறையும் இதே குடும்பம்தான். அங்கே ஒவ்வொரு புள்ளியும் தன் சுற்றுப்புறத்தோடு கலக்கப்படுகிறது. கலந்த விதம் தெரிந்தால், அதே விதத்தில் கலந்து ஒத்திட்டுப் பார்க்கலாம். சுழலாக முறுக்கும் முறை இன்னும் மோசம், ஏனென்றால் அது எதையுமே அழிப்பதில்லை. புள்ளிகளை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான். 2007இல் ஒரு குற்றவாளி தன் முகத்தைச் சுழலாக்கி இணையத்தில் விட்டிருந்த படங்களை ஜெர்மனியின் காவல்துறை நிபுணர்கள் எதிர்த்திசையில் சுழற்றி நேராக்கினார்கள். இன்டர்போல் அந்த முகத்தை வெளியிட, சில நாள்களில் அவன் பிடிபட்டான். அந்த வழக்கில் அது நல்லதாகவே முடிந்தது. நம் கதவு எண்ணுக்கும் அதே கணக்குப் பொருந்தும் என்பதைத்தான் கவனிக்கவேண்டும்.

முதல் படி: படத்தை முழுதாகப் பெருக்கிப் பார்த்தல்

மூலப் படத்தைத் தொடாமல், அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு நகலில் வேலை செய்யுங்கள். திரையில் இரண்டு விரலால் பெருக்கி, இட மேல் மூலையில் தொடங்கி, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வரிசை வரிசையாகப் படம் முழுவதையும் கடந்து வாருங்கள். பெரிய எண் பலகை எல்லோர் கண்ணிலும் படும். தப்புவது முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிய ஒட்டுத்தாள்தான். உயர் பாதுகாப்புப் பலகையோடு சேர்த்துத் தரப்படும் மூன்றாவது பதிவு அடையாளமான அதில் வண்டி எண் மறுபடியும் அச்சாகியிருக்கும். 12 மெகாபிக்சல் படத்தில், கிட்ட நின்று எடுத்திருந்தால் அதைப் படித்துவிடலாம். சிலர் பக்கக் கண்ணாடிகளின் மூலையில் வண்டி எண்ணைப் பொறித்து வைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

வாசல் பக்கத்தில் கதவு எண், பெயர்ப்பலகை, மின்சார மீட்டர் பெட்டியின் மேல் வண்ணத்தில் எழுதிய இணைப்பு எண், தெருப் பலகை ஆகியவற்றைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் ஓரத்தில் நின்றால், அதன் எண்ணை வெளியிட நமக்கு அவர் அனுமதி தரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். புது வண்டியின் பானெட்டும் கதவும் கண்ணாடி போல மின்னுபவை. எதிரே நிற்கும் வண்டியின் எண் அதில் தலைகீழாகவோ இடவலம் மாறியோ விழுந்திருக்கும். மாறி விழுந்த எண்ணைப் படிக்க, படத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

மறைக்க வேண்டியது படத்தின் ஓரத்திலேயே இருந்தால், மறைப்பதைவிட வெட்டி எடுப்பது மேல். கேட்டுத் தூண் வலது ஓரத்தில் இருக்கும் நம் படத்தில், தூண் வரை வெட்டிவிட்டால் கதவு எண்ணின் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: ஒளி புகாத நிறத்தால் நிரப்புதல்

மிஞ்சியிருக்கும் எண் பலகையின் மேல் ஒரே நிறத்தால் நிரம்பிய ஒரு செவ்வகத்தை வைக்கவேண்டும். ஐபோனில் படத்தைத் திருத்தும் பகுதிக்குள் சென்று, மார்க்கப் கருவியைத் திறந்து, கூட்டல் குறியைத் தொட்டால் வடிவங்களைச் சேர்க்கும் வசதி வரும். அதில் செவ்வகத்தைத் தேர்ந்து, வெறும் கோடாக இல்லாமல் உள்ளேயும் நிறம் நிரம்பியதாக மாற்றிக்கொள்ளவேண்டும். நிறத் தேர்வில் ஒளிபுகாமை நூறு விழுக்காடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் கைப்பேசிக்குக் கைப்பேசி கருவிகள் மாறுபடும். வடிவம் போடும் வசதி இல்லாவிட்டால், தடித்த பேனாவைத் தேர்ந்து இடைவெளி விடாமல் பூசலாம். கணினியில் பெயிண்ட் மென்பொருளில் நிரம்பிய செவ்வகம் ஒன்றை வரைந்தாலே வேலை முடிந்தது.

ஹைலைட்டரை மட்டும் தொடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், பழைய ஸ்கூட்டரை விற்க நினைத்து, அதன் படத்தில் எண்ணின் மேல் கறுப்பு நிறத்தில் நான்கைந்து முறை தேய்த்து, கன்னங்கரேலென்று ஆனதும் நண்பர்கள் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு நண்பர் என் வண்டி எண்ணை அப்படியே தட்டச்சு செய்து, "இதுதானே?" என்று கேட்டார். படத்தின் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறார், வேறொன்றும் செய்யவில்லை. நான் தேய்த்தது பேனா இல்லை, ஒளி ஊடுருவும் ஹைலைட்டர். ஒவ்வொரு பூச்சும் அடியில் இருப்பதை இருட்டாக்குகிறதே தவிர அழிப்பதில்லை. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதில், கணினிக்குக் கறுப்பும் அதைவிடச் சற்றே வெளிறிய கறுப்பும் தனித்தனியே தெரியும்.

செவ்வகம் எழுத்துகளை மட்டும் மூடினால் போதாது. பலகையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் சற்று நீளவேண்டும். எழுத்துகளை மட்டும் இறுக்கமாக மூடினால், செவ்வகத்தின் நீளமே எத்தனை எழுத்துகள் என்று சொல்லிவிடும். கதவு எண்ணில் இது முக்கியம்: ஓரிலக்கமா மூன்றிலக்கமா என்று தெரிவதே தேடலைப் பாதியாக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஜேபெக் கோப்பு படத்தை எட்டுப் புள்ளிச் சதுரங்களாகச் சுருக்கிச் சேமிப்பதால், கறுப்பு எழுத்தின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய அலை போன்ற கறை பரவியிருக்கும். ஆகவே பக்கத்துக்கு 20 புள்ளிகளாவது கூடுதலாக மூடுவது நல்லது. நம் படத்தில் 420 புள்ளிப் பலகைக்கு 480 புள்ளி அகலச் செவ்வகம் போட்டால் சரியாக இருக்கும்.

கறுப்புப் பட்டை படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று பலரும் குறைப்படுவார்கள், குறை நியாயமானதே. அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் பலகையை அதன் பின்னணி நிறமான வெள்ளையாலேயே முழுதாக நிரப்புங்கள். பிறகு அந்த இடத்தின் மேல் விருப்பம்போல மங்கலாக்குங்கள், கட்டமாக்குங்கள். எண் ஏற்கெனவே போய்விட்டதால், அந்த மங்கலை எவ்வளவு திறமையாகப் பிரித்தாலும் வெள்ளைப் பலகைதான் கிடைக்கும். மொசைக் கருவியை நான் விலக்கச் சொல்லவில்லை. அது அலங்காரம் மட்டுமே, அழிப்பது நிரப்பல்தான் என்ற வரிசையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கற்பனையாக வேறொரு எண்ணை எழுதிவைப்பது மட்டும் வேண்டாம். அது எங்கோ ஒருவருடைய வண்டியின் எண்ணாக இருந்துவிடக்கூடும்.

மூன்றாம் படி: கோப்பைத் தட்டையாக்குதல்

படத்தில் மறைத்தது கோப்பிலும் மறைந்திருக்கவேண்டும். கைப்பேசியில் திருத்திய படத்தைப் பழையபடி மீட்கும் வசதி இருப்பதற்குக் காரணம், மூலப் படம் அடியில் பத்திரமாக இருப்பதுதான். ஐபோனில் படத்தைப் பகிரும்போது விருப்பங்களுக்குள் சென்று, எல்லாத் தரவையும் சேர்த்து அனுப்பும் தெரிவை இயக்கியிருந்தால், திருத்த வரலாறும் மூலமும் சேர்ந்தே போகும். அதையும் இடக்குறிப்பையும் அணைத்துவையுங்கள். கேமரா கோப்புகளுக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும், படத்தின் சிறு முன்னோட்டமும் இருப்பது உண்டு. சில மென்பொருள்கள் பெரிய படத்தைத் திருத்தினாலும் அந்தச் சிறு முன்னோட்டத்தைப் புதுப்பிப்பதில்லை. கதவு எண்ணை மறைத்துவிட்டு, வீடு இருக்கும் புள்ளியைக் கோப்புக்குள் வைத்து அனுப்புவதில் பொருளே இல்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு இந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். தெளிவு குறையக்கூடாது என்று பலர் ஆவணமாக அனுப்புவதால் இதைச் சொல்கிறேன்.

புதிதாகச் செய்பவர்களுக்கு எளிய வழி, மறைத்து முடித்த படத்தைத் திரை நிறையத் திறந்து ஒரு திரைப்பிடிப்பு எடுத்து, அந்தத் திரைப்பிடிப்பை மட்டும் பகிர்வது. திரையில் தெரிந்த புள்ளிகளைத் தவிர அதில் மூலப் படத்திலிருந்து வேறெதுவும் வராது. தெளிவு சற்றுக் குறையும்; வாசல் படத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் திரைப்பிடிப்பை எடுத்தபிறகு அதன்மேல் மறுபடி வெட்டும் வேலை வேண்டாம், வெட்டுவதை எல்லாம் முன்னரே முடித்துவிடுங்கள். 2023இல் அக்ரோபலிப்ஸ் என்ற பெயரில் வெளியான குறைபாடு இதற்குக் காரணம். கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் திருத்தக் கருவி, வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியபோது, மீந்திருந்த பழைய பகுதியை நீக்காமல் வாலாக விட்டுவைத்தது. வெட்டியெறிந்ததன் ஒரு பகுதியை அந்த வாலிலிருந்து மீட்க முடிந்தது. விண்டோஸின் வெட்டும் கருவியிலும் இதே போன்ற குறை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் பின்னர் சரிசெய்யப்பட்டன. அப்படிச் சரிசெய்யப்படுவதற்கு முன் அனுப்பிய படங்களில் சில இன்னும் அந்த வாலோடு சுற்றிக்கொண்டிருக்கலாம்.

கணினியில் கட்டளை எழுதப் பழகியவர்களுக்கு, இமேஜ்மேஜிக் மென்பொருள் நிரப்புவதையும் குறிப்புகளை நீக்குவதையும் ஒரே வரியில் செய்துவிடும். நம் எடுத்துக்காட்டில் பலகை இடமிருந்து 1790ஆம் புள்ளியில் தொடங்கி 2210இல் முடிவதாகவும், மேலிருந்து 2105இல் தொடங்கி 2205இல் முடிவதாகவும் கொண்டால், கட்டளை இப்படி அமையும்:

```
magick vasal.jpg -auto-orient -fill "#dddddd" \
  -draw "rectangle 1760,2080 2240,2230" -strip pakirvu.jpg
exiftool -a -G1 pakirvu.jpg
```

`-auto-orient` முதலில் வரவேண்டும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பல நேரம் கோப்புக்குள் படுத்தபடி இருக்கும். நிமிர்த்தாமல் செவ்வகம் போட்டால் அது எண்ணின் மேல் விழாமல் வேறெங்கோ விழும். இரண்டாவது கட்டளை எக்ஸிஃப்டூல் என்ற தனி மென்பொருளுக்கானது; வெளிவந்த கோப்பில் என்னென்ன குறிப்புகள் மிஞ்சியிருக்கின்றன என்று அது பட்டியலிடும். அதில் ஜிபிஎஸ் என்றோ, முன்னோட்டப் படம் என்றோ ஒரு வரியும் இருக்கக்கூடாது.

நான்காம் படி: எதிராளியின் கண்ணால் சோதித்தல்

முடித்த படத்தை உங்கள் இன்னொரு எண்ணுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அனுப்பி, அங்கே போய்ச் சேர்ந்த படத்தைச் சோதியுங்கள். உங்கள் கைப்பேசியில் உள்ளதைச் சோதிப்பது பயனில்லை. முதலில் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் உச்சத்துக்கு ஏற்றி, பிறகு அடிமட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். செவ்வகத்துக்குள் எழுத்தின் நிழல் எதுவும் எழக்கூடாது.

அடுத்து, படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியோ, கையை நீட்டிக் கண்ணை இடுக்கியோ பாருங்கள். கட்டமாக்கிய படம் தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் தெளிவாகும். 1973இல் பெல் ஆய்வகத்தின் லியான் ஹார்மன், லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாக்கி வெளியிட்டார். கிட்டத்தில் அது வெறும் சாம்பல் கட்டங்கள். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் லிங்கன். சதுரங்களின் கூர்மையான விளிம்புகளே நம் கண்ணைக் குழப்புகின்றன, அந்த விளிம்புகள் மங்கியதும் உள்ளே இருக்கும் வடிவம் மேலே வருகிறது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் எண்ணுக்கு மேல் மொசைக் மட்டும் போட்டு விட்டிருந்தால் இந்தச் சோதனையில் அது பிடிபடும். மென்பொருளே இல்லாமல் உங்கள் கண்ணே இரண்டு மூன்று இலக்கங்களைச் சொல்லிவிட்டால், நிரப்பும் படிக்குத் திரும்பிப் போங்கள். கண்ணுக்குத் தெரியாததாலேயே தேர்ச்சி என்று கொள்ளவும் முடியாது. இந்தச் சோதனை தோல்வியைக் காட்டுமே தவிர வெற்றியை உறுதி செய்யாது.

இந்த முறையால் ஆகாதவை

எண்ணை எவ்வளவு நன்றாக மறைத்தாலும் வீட்டின் முகப்பு மறைவதில்லை. கூகுளின் தெருக் காட்சி 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களில் தொடங்கப்பட்டது. அதில் முகங்களும் வண்டி எண்களும் மங்கலாக்கப்படுகின்றன. கேட்டின் வடிவமும் மாடியின் நிறமும் அப்படியே இருக்கின்றன. தெரு தெரிந்தவருக்குக் கேட்டே போதும். வீட்டையே அடையாளம் தெரியாமல் ஆக்கவேண்டும் என்றால், வண்டியைத் தெருமுனைக் கோயில் சுவரின் முன் நிறுத்திப் படம் எடுப்பதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அங்கேதானே பூசையும் நடக்கிறது.

முன்பே மொசைக் மட்டும் போட்டுப் பகிர்ந்துவிட்ட படம் இருந்தால், அதை நீக்கிவிட்டு, நிரப்பிய படத்தைப் போடலாம். இதற்கிடையில் யாராவது சேமித்திருந்தால் அதற்கு மருந்தில்லை. நீக்க முடியாத இடத்தில் இருந்தால், அதே வண்டியின் வேறு படங்களை வேறு அளவு மொசைக்கோடு புதிதாகப் போடாமல் இருங்கள். எட்டும் பூச்சியமும் எப்படிப் பிரிந்தன என்று மேலே பார்த்தோம்: இரண்டாவது படம்தான் முதல் படத்தின் சந்தேகத்தைத் தீர்த்தது.